இரண்டு முட்களையும் சேர்த்துப் படியுங்கள்

குடியரசு தின அணிவகுப்பில் ஒரு பழைய டகோட்டா பறந்ததைத் தில்லிக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். 2021-ல் இரண்டு ஹெலிகாப்டர்களும் 2022-ல் இரண்டு டார்னியர்களும் அதனுடன் வந்தன. பிரிட்டனில் பழுதுபார்க்கப்பட்டு 2018-ல் ஹிண்டன் விமானப்படைத் தளத்துக்கு வந்த அந்த விமானத்தின் பெயர் பரசுராமா. அதன் உடலில் எழுதியிருக்கும் எண் வி.பி. 905. 1947 அக்டோபர் 27 அன்று தில்லியிலிருந்து முதல் சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களை ஸ்ரீநகருக்கு ஏற்றிச் சென்ற டகோட்டாக்களில் ஒன்றின் எண் அது. பீர் பஞ்சால் மலைத்தொடரைத் தாண்டி 5,400 அடி உயரத்திலுள்ள ஓடுதளத்தில் இறங்க வேண்டிய அந்தப் பயணத்தில், ஏறும்போது எஞ்சினின் முழுச் சக்தியும் தேவை; சமமாகப் பறக்கும்போது பெட்ரோல் மிச்சமாக வேண்டும். இரண்டையும் ஒரே புரொப்பெல்லர் செய்தது. அதன் பிளேடுகள் பறக்கும்போதே தம் கோணத்தை மாற்றிக்கொண்டதுதான் காரணம்.

செஸ்னா 172-ல் பயிற்சி முடித்து, நீலக் குமிழ் போட்ட லீவர் உள்ள விமானத்தில் முதன்முறையாக உட்காரப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கறுப்பு லீவர் த்ராட்டில், சிவப்பு மிக்சர், நடுவில் நீலம். அந்த நீல லீவரை எப்போது தள்ளுவது, எப்போது இழுப்பது என்று பலர் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். காரணம் தெரியாத மனப்பாடம் எஞ்சின் மக்கர் பண்ணும் நேரத்தில் உதவாது. ஆகவே காரணத்தோடு சேர்த்தே சொல்கிறேன்.

1. பிளேடைச் சுழலும் இறக்கையாகப் பாருங்கள்

புரொப்பெல்லரின் ஒவ்வொரு பிளேடும் ஓர் இறக்கை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மூன்று நான்கு டிகிரி அளவில் இருந்தால், கொடுக்கிற சக்திக்கு அதிக இழுவிசை கிடைக்கிறது. கோணம் மிகவும் கூடினால் பிளேடு ஸ்டால் ஆகிவிடும். மிகவும் குறைந்தால் காற்றைப் பிடிக்காமல் வெறுமனே சுழலும்.

சிக்கல் எங்கே வருகிறது? பிளேடு சுழல்வதோடு விமானத்தோடு சேர்ந்து முன்னாலும் நகர்கிறது. நிற்கும் விமானத்தில் காற்று பிளேடைப் பக்கவாட்டிலிருந்து மட்டும் சந்திக்கிறது. வேகம் கூடக் கூட எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ள, காற்று வரும் திசை முன்பக்கமாகச் சாய்கிறது. பிளேடின் கோணம் மாறாமல் இருந்தால், அது காற்றைச் சந்திக்கும் கோணம் வேகத்தோடு குறைந்துகொண்டே போகும்.

நீங்கள் பழகிய 172-ல் இதை நேரில் பார்த்திருக்கிறீர்கள். பிரேக் பிடித்துக்கொண்டு த்ராட்டிலை முழுவதும் திறந்தால் 2,300, 2,400 ஆர்.பி.எம்.க்கு மேல் ஏறாது. சிவப்புக் கோடு 2,700-ல் இருக்கிறது. பிளேடு அதிகக் கோணத்தில் காற்றைக் கடிப்பதால் எஞ்சினால் அதைச் சுழற்ற முடியவில்லை. எஞ்சினின் சக்தி என்பது முறுக்குவிசையும் சுழற்சி வேகமும் பெருக்கிய தொகை. சுழற்சி குறைந்தால், 160 குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து அந்த நேரத்தில் ஏறத்தாழ 140 தான் கிடைக்கும். அதே விமானம் சமமாக வேகமெடுத்துப் பறக்கும்போது முழு த்ராட்டில் வைத்தால் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டப் பார்க்கும். நீங்கள் பின்னால் இழுக்க வேண்டியிருக்கும். ஆக, மாறாத கோணமுள்ள புரொப்பெல்லர் தரையிலும் ஏற்றத்திலும் எஞ்சினை அமுக்குகிறது, வேகத்தில் கட்டவிழ்த்து விடுகிறது. மேட்டுக்கும் சமவெளிக்கும் ஒரே கியர் போட்ட லாரியின் நிலைமை இது.

2. டகோட்டாவின் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போடுங்கள்

கோணம் எவ்வளவு மாற வேண்டும் என்பது எண்களில் தெரிந்தால்தான் மனத்தில் தங்கும். டகோட்டாவில் இரண்டு பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப் எஞ்சின்கள். ஒவ்வொன்றும் புறப்படும்போது 2,700 ஆர்.பி.எம்.மில் 1,200 குதிரைத்திறன் தரும். எஞ்சின் 16 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் 9 சுற்று சுற்றும்படி நடுவில் பல்சக்கரம் இருக்கிறது. மூன்று பிளேடு ஹாமில்டன் ஸ்டாண்டர்டு புரொப்பெல்லரின் விட்டம் பதினொன்றரை அடி, அதாவது மூன்றரை மீட்டர். பிளேடின் கோணத்தை வழக்கமாக மையத்திலிருந்து முக்கால் பங்கு தூரத்தில் அளப்பார்கள். அந்த இடம் இங்கே மையத்திலிருந்து 1.31 மீட்டர்.

முதலில் ஏற்றம். வழக்கமான ஏற்றத்தில் எஞ்சின் 2,350 ஆர்.பி.எம். என்றால் புரொப்பெல்லர் நொடிக்கு 22 சுற்று. நாம் எடுத்துக்கொண்ட புள்ளி நொடிக்கு 181 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. விமானம் மணிக்கு 195 கிலோமீட்டரில், நொடிக்கு 54 மீட்டர் முன்னே போகிறது. இந்த இரண்டையும் செங்கோண முக்கோணமாக வரைந்தால் காற்று வரும் சாய்வு பதினாறரை டிகிரி. அதோடு பிளேடு காற்றைக் கடிக்கும் நான்கு டிகிரியைச் சேர்த்தால், பிளேடு சுமார் 20 டிகிரியில் இருக்க வேண்டும்.

அடுத்து சமப்பறப்பு. எஞ்சின் 2,050 ஆர்.பி.எம்., புரொப்பெல்லர் நொடிக்கு 19 சுற்றுக்குச் சற்று மேல், புள்ளியின் வேகம் நொடிக்கு 158 மீட்டர். விமானமோ மணிக்கு 280 கிலோமீட்டரில், நொடிக்கு 77 மீட்டருக்கும் மேல் போகிறது. இப்போது காற்றின் சாய்வு 26 டிகிரி. பிளேடு சுமார் 30 டிகிரிக்குத் திரும்ப வேண்டும்.

ஏற்றத்துக்கும் சமப்பறப்புக்கும் வித்தியாசம் பத்து டிகிரிக்குள்தான். ஆனால் அந்தப் பத்து டிகிரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பிளேடை 20 டிகிரியிலேயே பூட்டிவிட்டு 280 கிலோமீட்டரில் பறக்க முயன்றால், 2,050 ஆர்.பி.எம்.மில் காற்று பிளேடின் முதுகில் அடிக்கும். புரொப்பெல்லர் இழுப்பதற்குப் பதிலாகத் தடுக்கும். அதே நான்கு டிகிரி கடியைத் திரும்பப் பெற எஞ்சின் 3,300 ஆர்.பி.எம்.க்கு மேல் ஓட வேண்டும். 2,700 தாண்டக் கூடாத எஞ்சின் அது. மறுபக்கம், 30 டிகிரியில் பூட்டினால் புறப்படும்போது பிளேடுகள் ஸ்டால் ஆகி, எஞ்சின் மூச்சுத்திணறி, வீரர்களோடும் முழுச் சுமையோடும் விமானம் ஓடுதளத்தை விட்டுக் கிளம்பவே திண்டாடும்.

இந்தக் கணக்கில் புரொப்பெல்லரே இழுத்துக்கொள்ளும் காற்றோட்டத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஓரிரு டிகிரி மாறும், பாடம் மாறாது. உங்கள் விமானத்தின் விட்டத்தையும் வேகத்தையும் போட்டு நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.

3. கவர்னருக்குள் நடப்பதைப் படம் போட்டுப் பழகுங்கள்

கோணத்தை மாற்றுவது விமானியின் கை இல்லை, எஞ்சினில் பொருத்திய கவர்னர் என்ற சிறு பெட்டி. அதற்குள் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இரண்டு எடைக்குண்டுகள், அவற்றை அமுக்கும் ஒரு ஸ்பிரிங், எண்ணெய் வழியைத் திறந்து மூடும் ஒரு வால்வு, ஒரு சிறு பம்ப். எஞ்சின் எண்ணெயை வாங்கி, சிறிய விமானங்களில் அதன் அழுத்தத்தைச் சுமார் 300 பி.எஸ்.ஐ. வரை உயர்த்திப் புரொப்பெல்லரின் நடுக்குடத்துக்கு, நாம் ஹப் என்று சொல்லும் இடத்துக்கு, அனுப்புவது பம்பின் வேலை.

நீங்கள் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடுகிறது, பிளேடின் கடி குறைகிறது, சுமை குறைந்த எஞ்சின் வேகமாகச் சுழலப் பார்க்கிறது. எடைக்குண்டுகள் வெளியே விரிந்து ஸ்பிரிங்கைத் தள்ளி வால்வைத் தூக்குகின்றன. எண்ணெய் ஹப்புக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ள, பிளேடுகள் பெரிய கோணத்துக்குத் திரும்புகின்றன. கடி கூடுகிறது, சுழற்சி பழைய அளவுக்கு இறங்குகிறது, குண்டுகள் உள்ளே வருகின்றன, வால்வு மூடிக்கொள்கிறது. மூக்கைத் தூக்கினால் இதெல்லாம் தலைகீழாக நடக்கும்: குண்டுகள் சுருங்கும், எண்ணெய் வெளியேறும், பிளேடு சிறு கோணத்துக்கு வரும். நாம் முள்ளைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நீல லீவர் செய்வது ஒன்றே ஒன்று: அந்த ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதை மாற்றுகிறது. முன்னே தள்ளினால் ஸ்பிரிங் இறுகும், குண்டுகள் விரிய அதிகச் சுழற்சி தேவைப்படும். பின்னே இழுத்தால் தளரும். அதாவது நீங்கள் கோணத்தைக் கேட்பதில்லை, ஆர்.பி.எம்.மைக் கேட்கிறீர்கள். கோணத்தைக் கண்டுபிடிப்பது கவர்னரின் பொறுப்பு.

ஒரு வரம்பு உண்டு. பிளேடு திரும்பக்கூடிய சிறு கோணத்துக்கும் பெரிய கோணத்துக்கும் நிறுத்தங்கள் இருக்கின்றன. டகோட்டாவில் சிறு கோண நிறுத்தம் 16 டிகிரி. த்ராட்டிலை வெகுவாகக் குறைத்துவிட்டால் பிளேடு அந்த நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு அது 172-ன் புரொப்பெல்லர் மாதிரிதான். த்ராட்டிலைக் குறைத்தால் ஆர்.பி.எம்.மும் குறையும். டாக்ஸியிங்கிலும், இறங்குவதற்கு முன் கடைசிக் கட்டத்திலும் நீங்கள் இருப்பது அந்த நிலையில்.

4. சக்தியை ஒரு முள்ளில் தேடாதீர்கள்

172-ல் ஆர்.பி.எம். முள்ளே சக்தியின் அளவு. இங்கே அந்த முள் நீங்கள் கேட்ட இடத்தில் அசையாமல் நிற்கும். த்ராட்டிலைக் கூட்டினாலும் குறைத்தாலும் நிற்கும். எஞ்சின் ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்றை வாங்குகிறது என்பதை இன்னொரு முள் காட்டுகிறது. அதுதான் மேனிஃபோல்டு பிரஷர். ஒரு மூச்சுக்கு எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற இரண்டும் சேர்ந்துதான் சக்தி.

ஸ்டார்ட் செய்யும் முன் அந்த முள்ளைப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது அது சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 700 அடி உயரத்திலுள்ள சஃப்தர்ஜங் மாதிரி இடத்தில் ஜனவரியில் 29.3 அங்குலம் அளவிலும், அழுத்தம் தாழ்ந்திருக்கும் ஜூனில் 28.7 அளவிலும் நிற்கும். வேறெங்காவது நின்றால் கருவியில் கோளாறு; எழுதி வையுங்கள். டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத எஞ்சினில் ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தில்லிக் கோடையில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அந்த முள் அழுத்தத்தைத்தான் அளக்கிறது, அடர்த்தியை இல்லை. 43 டிகிரி வெயிலில் 28 அங்குலம் காட்டினாலும் சிலிண்டருக்குள் போவது மெலிந்த காற்று. அன்றைக்கு 700 அடி ஓடுதளம் எஞ்சினுக்கும் இறக்கைக்கும் 4,500 அடி ஓடுதளம் மாதிரி. ஆகவேதான் கையேட்டின் சக்தி அட்டவணையில் வெப்பநிலைக்கு ஒரு நிரை இருக்கிறது. அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

5. ஏறும்போது வேகமாகச் சுழலட்டும், சமமாகப் பறக்கும்போது மெதுவாகச் சுழலட்டும்

ஏற்றத்தில் நமக்கு வேண்டியது முழுச் சக்தி. ஒவ்வொரு மூச்சும் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. கூட்டக்கூடியது மூச்சுகளின் எண்ணிக்கையை மட்டும்தான். எனவே நீல லீவர் முன்னே, சிறு கோணம், உயர் ஆர்.பி.எம்.

சமப்பறப்பில் பாதிச் சக்தியோ முக்கால் சக்தியோ போதும். அந்தச் சக்தியை இரண்டு விதமாக எடுக்கலாம். 2,500 ஆர்.பி.எம்.மில் 21, 22 அங்குலம் வைத்து எடுக்கலாம்; ஏறத்தாழ அதையே 2,200-ல் 24 அங்குலம் வைத்தும் எடுக்கலாம். இரண்டாவது வழி பெட்ரோலை மிச்சப்படுத்தும். பிஸ்டன் வளையங்களும் பேரிங்குகளும் உரசி விழுங்கும் சக்தி சுழற்சி வேகத்தோடு கிடுகிடுவென ஏறும். மெதுவாகச் சுழன்றால் அந்த இழப்பு குறைகிறது. த்ராட்டில் அதிகம் திறந்திருப்பதால், பாதி மூடிய வாய் வழியே காற்றை உறிஞ்சும் வீண் உழைப்பும் குறைகிறது. பிளேடின் நுனி மெதுவாகச் சுழல்வதால் இரைச்சலும் இழுவிசை இழப்பும் குறைகின்றன.

இந்தப் பாடத்தை 1944-ல் நியூகினியில் அமெரிக்கப் போர் விமானிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் சார்லஸ் லிண்ட்பெர்க். பி-38 விமானங்களில் 2,000 ஆர்.பி.எம்.க்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தவர்களை 1,600-க்கு இறக்கி, மேனிஃபோல்டு பிரஷரைக் கூட்டி, மிக்சரை மெலிதாக்கச் சொன்னார். எஞ்சின் கெட்டுவிடும் என்று முதலில் தயங்கியவர்கள், அவர் தொட்டியில் கூடுதல் பெட்ரோலோடு திரும்பியதைப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் பறக்கக்கூடிய தூரம் அதனால் வெகுவாக நீண்டது.

“அங்குலம் ஒருபோதும் ஆர்.பி.எம்.மின் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது” என்று சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். 2,300 என்றால் 23 அங்குலத்துக்கு மேல் வைக்காதே என்பார்கள். அது பாதுகாப்பான பழக்கம், இயற்கை விதி இல்லை. டகோட்டா புறப்படுவதே 2,700-ல் 48 அங்குலம். சமப்பறப்பில் 2,050-ல் 28, 30 அங்குலம். எந்த ஜோடி அனுமதிக்கப்பட்டது என்பதை உங்கள் விமானக் கையேட்டின் அட்டவணை சொல்லும். அது சொல்லாத ஜோடியை வைக்காதீர்கள்.

கீழேயும் ஒரு வேலி உண்டு. சில நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் 2,000-க்கும் 2,250-க்கும் நடுவே டாக்கோமீட்டரில் சிவப்பு வளைவு வரைந்திருப்பார்கள். அந்த இடைவெளியில் எஞ்சினின் அதிர்வும் பிளேடின் அதிர்வும் ஒத்துப்போய் உலோகம் களைத்துவிடும். அந்த வளைவைக் கடந்து போகலாம், அங்கே தங்கக் கூடாது.

6. கூட்டும்போது நீலம் முதலில், குறைக்கும்போது கறுப்பு முதலில்

சக்தியைக் கூட்டும்போது மிக்சர், அடுத்து நீலம், கடைசியாக த்ராட்டில். குறைக்கும்போது த்ராட்டில், அடுத்து நீலம், கடைசியாக மிக்சர். காரணம் இது. குறைந்த ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. அப்போது மேனிஃபோல்டு பிரஷரை மிகவும் ஏற்றிவிட்டால், சூடான கலவை அழுத்தத்தில் அதிக நேரம் அடைபட்டுக் கிடக்கிறது. ஒழுங்காக எரிந்து பரவ வேண்டிய நெருப்பு திடீரென்று வெடிக்கிறது. அதுதான் டெட்டொனேஷன். பிஸ்டன் தலையில் ஓட்டை போடும் அளவுக்கு வலிமை உள்ளது. விமானத்தில் இரைச்சலுக்கு நடுவே அது காதுக்குக் கேட்காது; சிலிண்டர் வெப்பநிலை முள் சட்டென்று ஏறுவதுதான் அடையாளம்.

நீலத்தை இழுக்கும்போது த்ராட்டிலைத் தொடாமலேயே மேனிஃபோல்டு பிரஷர் சற்று ஏறும். மெதுவாகச் சுழலும் எஞ்சின் காற்றைக் குறைவாக உறிஞ்சுகிறது, எனவே குழாயில் அழுத்தம் கூடுகிறது. அதற்கு இடம் விட்டு, வேண்டிய அளவுக்கு ஓர் அங்குலம் கீழாகவே முதலில் த்ராட்டிலை வையுங்கள்.

7. ரன்-அப்பில் நீல லீவரை அவசரமாக இழுத்துவிட்டுப் போகாதீர்கள்

தில்லியின் ஜனவரிக் காலையில், ஐந்தாறு டிகிரிக் குளிரில், ஹப்புக்குள் இருக்கும் எண்ணெய் இரவெல்லாம் உறைந்த தேன் மாதிரி ஆகியிருக்கும். எஞ்சின் எண்ணெய் சூடாகிவிட்டது என்று கருவி காட்டினாலும், ஹப்பில் இருக்கும் எண்ணெய் இன்னும் பழைய குளிர்ந்த எண்ணெய்தான். கையேடு சொல்லும் ஆர்.பி.எம்.மில், பெரும்பாலும் 1,700 முதல் 2,000-க்குள், லீவரை நிதானமாக இழுங்கள். முதல் தடவை முள் தயங்கி இறங்கும். சுமார் 300 ஆர்.பி.எம். இறங்கியதும் லீவரை முன்னே தள்ளுங்கள். இரண்டாவது தடவை விரைவாகவும் மூன்றாவது தடவை இன்னும் விரைவாகவும் இறங்க வேண்டும். அப்போதுதான் சூடான எண்ணெய் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

அப்போது மூன்று முட்களையும் பாருங்கள்: ஆர்.பி.எம். இறங்க வேண்டும், மேனிஃபோல்டு பிரஷர் சற்று ஏற வேண்டும், எண்ணெய் அழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மீள வேண்டும். மூன்றும் நடந்தால் பம்ப், வால்வு, பிஸ்டன் எல்லாம் வேலை செய்கின்றன. எத்தனை தடவை இழுத்தாலும் முள் அசையாவிட்டால் புறப்படாதீர்கள்.

மேக்னெட்டோவைச் சோதிப்பதும் இந்த ஆர்.பி.எம்.மில்தான். அங்கே பிளேடு சிறு கோண நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பதால் எஞ்சின் பலவீனமானால் முள் கீழே இறங்கிக் காட்டும். இன்னும் உயர்த்திக் கவர்னர் ஆளும் எல்லைக்குள் போய்ச் சோதித்தால், அது பிளேடைத் திருப்பி இறக்கத்தை மறைத்துவிடும்.

விமானத்தைச் சுற்றி வரும்போது ஹப்பையும் பிளேடு அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். சில மெக்காலி புரொப்பெல்லர்களின் ஹப்பில் சிவப்புச் சாயம் கலந்த எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். பிளேடின் அடியில் சிவப்புக் கசிவு தெரிந்தால் அது வெறும் அழுக்கு இல்லை. சீலோ ஹப்போ விரிசல் விட்டிருக்கலாம். பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை அந்த விமானம் பறக்கக் கூடாது.

8. கவர்னர் மறைப்பதை மற்ற முட்களிடம் கேளுங்கள்

இந்த அறிவுரைகளிலேயே நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இது. கவர்னர் உங்கள் நண்பன்; ஆனால் எஞ்சினின் நோயை மறைத்துவிடுகிற நண்பன்.

172-ல் கார்புரேட்டரில் பனி பிடித்தால் ஆர்.பி.எம். இறங்கி உங்களுக்குச் சொல்லிவிடும். இங்கே சொல்லாது. காற்று வழி அடைபட, சக்தி குறைய, பிளேடு தானாகச் சிறு கோணத்துக்குத் திரும்பி முள்ளை அதே இடத்தில் நிறுத்தும். இறங்குவது மேனிஃபோல்டு பிரஷர். தில்லியின் பனிமூட்டம் விலகிய ஈரமான குளிர்காலக் காலையில் த்ராட்டிலைத் தொடாமலேயே அது 23-லிருந்து 22, 21 என்று நழுவினால், உயரம் கூடவில்லை என்றால், உடனே கார்புரேட்டர் ஹீட்டைப் போடுங்கள்.

ஒரு சிலிண்டர் செத்துப்போனாலோ இன்னும் மோசம். காற்று வழக்கம்போல உள்ளே போகிறது, ஆகவே மேனிஃபோல்டு பிரஷரும் பெரிதாக மாறாது, ஆர்.பி.எம்.மும் மாறாது. இரண்டு முள்ளும் சரியாக இருக்கும்போதே உடம்பில் அதிர்வு தெரியும், விமானத்தின் வேகம் குறையும், அந்தச் சிலிண்டரின் வெப்பநிலை விழும். எனவே ஒவ்வொரு சமப்பறப்பிலும் ஆர்.பி.எம்., மேனிஃபோல்டு பிரஷர், பெட்ரோல் ஓட்டம், காற்று வேகம் என்ற நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அடுத்த தடவை அதே உயரத்திலும் வெப்பத்திலும் அதே எண்கள் வர வேண்டும். முதல் மூன்றும் அதே, வேகம் மட்டும் குறைவு என்றால் ஏதோ ஒன்று சக்தியைத் தின்கிறது.

9. எண்ணெய் போனால் பிளேடு எந்தப் பக்கம் போகும் என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான ஒற்றை எஞ்சின் விமானங்களில் எண்ணெய் அழுத்தம்தான் பிளேடைப் பெரிய கோணத்துக்குத் தள்ளுகிறது. எண்ணெய் போய்விட்டால் ஸ்பிரிங்கும் பிளேடின் சுழற்சி விசையும் அதைச் சிறு கோணத்துக்குக் கொண்டுவந்துவிடும். வேகத்தில் இது நடந்தால் ஆர்.பி.எம். சிவப்புக் கோட்டைத் தாண்டி எகிறும். உடனே த்ராட்டிலைக் குறையுங்கள், மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறையுங்கள், நீல லீவரைப் பின்னே இழுத்துப் பாருங்கள், எண்ணெய் அழுத்த முள்ளைப் பாருங்கள். எண்ணெய் இருந்து கவர்னர் மட்டும் கெட்டிருந்தால், குறைந்த வேகத்தில் மாறாத கோணப் புரொப்பெல்லரைப் போல ஓட்டிக்கொண்டு அருகிலுள்ள ஓடுதளத்துக்குப் போகலாம். எண்ணெய் அழுத்தமும் விழுந்திருந்தால் எஞ்சினுக்கு அதிக நேரம் இல்லை. இறங்கும் இடத்தை உடனே தேடுங்கள்.

சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களில் இது தலைகீழ். அங்கே எண்ணெய் போனால் பிளேடு காற்றுக்கு விளிம்பைக் காட்டி நின்றுவிடும்படி அமைத்திருப்பார்கள். அதை ஃபெதரிங் என்பார்கள். செத்த எஞ்சினின் புரொப்பெல்லர் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தால் உண்டாகும் பெருந்தடையை மற்ற எஞ்சினால் சமாளிக்க முடியாது என்பதே காரணம். டகோட்டாவில் இதற்கென்றே தனி மின்பம்ப் உண்டு. பொத்தானை அழுத்தினால் பிளேடு 88 டிகிரி வரை திரும்பும்.

ஒற்றை எஞ்சினில் எஞ்சின் நின்று, புரொப்பெல்லர் இன்னும் காற்றில் சுழன்றுகொண்டு, எண்ணெய் அழுத்தம் மிச்சமிருந்தால், நீல லீவரை முழுவதும் பின்னே இழுங்கள். பிளேடு பெரிய கோணத்துக்குப் போய்த் தடை குறையும். விமானம் தாழ்வதன் வேகம் குறைவதை வேரியோமீட்டரில் கண்ணால் காணலாம். எட்டாத வயல் எட்டிவிடக்கூடும்.

எஞ்சின் நன்றாக ஓடி இறங்க வரும்போது செய்ய வேண்டியது நேர் எதிர். மேனிஃபோல்டு பிரஷரைக் குறைத்து, பிளேடு நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகு, நீல லீவரை முழுவதும் முன்னே தள்ளுங்கள். அந்த நேரத்தில் தள்ளினால் இரைச்சலும் எழாது, ஆர்.பி.எம்.மும் எகிறாது. ஓடுதளத்தில் குறுக்கே ஏதாவது வந்து திரும்ப மேலே ஏற வேண்டியிருந்தால், அப்போது த்ராட்டிலைத் திறந்தாலே முழுச் சக்தி கிடைக்கும். நீலத்தைத் தேடி நேரத்தை இழக்க வேண்டாம். இறங்கும் முன் செய்யும் சோதனைப் பட்டியலின் கடைசி வரியாக “நீலம் முன்னே” என்று உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொரு இறக்கத்திலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.